இலைச் சீட்டில் அவர் பெயர்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஏழு மாதம் ஆகிவிட்டது. நன்றி சொல்ல இத்தனை நாள் கை வரவில்லை. நேற்று காலை கோத்தகிரியில் புல் மேல் முதல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அப்புறம்தான் உங்களுக்காவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

அவர் போனது வைகாசியில். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வரும் நேரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய எங்கள் அரை ஏக்கர் தேயிலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செடி இடுப்பைத் தாண்டி வளர்ந்து, கொழுந்தெல்லாம் முற்றிக் கரட்டு இலையாகிவிட்டது. அதை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். ஜன்னல் வழியாகத் தெரியும். நான் திரையை மூடி வைத்திருந்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்து அக்கா கத்தரியோடு வந்தார். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று அதுவரை நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது? அக்கா கேட்கவே இல்லை. கரட்டையெல்லாம் வெட்டித் தள்ளிச் செடியை மட்டமாக்கினார். மூன்று வாரம் கழித்துப் புதுக் கொழுந்து வந்ததும் மறுபடி வந்து, "சாக்கு வாயைப் பிடிச்சுக்கோ, போதும்" என்றார். பிடித்தேன். அன்று அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எடுத்துக்கொண்டே அவரைத் திட்டினார், பெயர் சொல்லி: "களை எடுக்கச் சொன்னா நாளைக்குன்னுதான் சொல்வான்." என் முன்னால் அந்தப் பெயரை எல்லோரும் விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அக்கா எடுப்பதை நிறுத்தவில்லை.

சாயங்காலம், இலையை எடை போட்டுத் தந்த சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 22 கிலோ. மேலே அவர் பெயர். "மாத்தணுமான்னு கேட்டாங்க. இப்ப வேணாம்னுட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பார்த்துக்கலாம்."

அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் எனக்காக வரிசையில் நின்றவர்களுக்கும், மகளை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டவர்களுக்கும், ஞாயிறு தோறும் ஊட்டியிலிருந்து போன் செய்து, நான் பேசாவிட்டாலும் வைக்காமல் காத்திருந்த தோழிக்கும் நன்றி. காரியம் முடிந்ததோடு வராமல் போனவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. நானும் மற்ற வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன். இனிமேல் ஒரு வீட்டில் துக்கம் என்றால் நாற்பது நாள் கழித்துப் போவேன்.

போன வாரம் சாக்கை நானே ரோட்டு வரை சுமந்தேன். சீட்டில் பெயரை இன்னும் மாற்றவில்லை.

அப்புறம், சோறு கொண்டுவந்த டிபன் டப்பாக்களில் நான்கு யாருடையது என்று தெரியவில்லை. ஒன்றின் மூடியில் நெளிவு இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், டீ போட்டுத் தருகிறேன்.