நம்ம பிளட் அண்ணனுக்கு என்ன குடுக்கலாம்

மாப்ள,

சௌக்கியமா? தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா? இங்க வெயில் இப்பவே மண்டைய பொளக்குது.

ரத்தம் வேணும்னு கேக்குறவங்களுக்கு டோனர் புடிச்சுக் குடுக்குற நம்ம பிளட் அண்ணனுக்கு எதாச்சும் செய்யணும், பொன்னாடை, ஷீல்டு, சின்னதா ஒரு ஹால்னு நம்ம பசங்க குரூப்ல பேசிட்டு இருக்கானுங்க, பாத்திருப்ப. எனக்கு அதுல உடன்பாடே இல்லடா. போன வருஷம் ஒரு இடத்துல கூப்ட்டு குடுத்த ஷீல்டு அவர் வீட்ல அரிசி டப்பா மேல கெடக்கு, சால்வைய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு குடுத்துட்டாராம். மேடைன்னாலே மனுஷன் நெளியுறாரு. சரி காசா குடுப்போம்னா அது இன்னும் மோசம். ரத்தத்துக்கு காசு வாங்குறத 1998லயே தடை பண்ணிட்டாங்க, டோனர் புடிச்சுக் குடுக்குற ஆளு கையில கவர் போறத எவனாச்சும் பாத்தா போதும், "அப்போ இவரும் வாங்குறாரு போல"ன்னு கிளப்பி விட்ருவான்.

ஒருத்தன் சொன்னான், ஏப்ரல் 14 அவர் பொறந்தநாளு, அன்னிக்கு எல்லாரும் சேந்து போய் ரத்தம் குடுப்போம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆம்பளைங்க ஒருதடவ குடுத்தா 90 நாள் கழிச்சுத்தான் மறுபடி குடுக்க முடியும், பொம்பளைங்களுக்கு 120. அன்னிக்கே எல்லாரும் குடுத்துட்டா ஜூலை 13 வரைக்கும் நம்ம பசங்க ஒருத்தனும் அவருக்கு உதவ மாட்டான். மே மாசம்தான் காலேஜ் லீவு, கேம்ப் எதுவும் நடக்காது, அப்பத்தான் அவர் போன் ராத்திரி ரெண்டு மணிக்கும் அடிக்கும். மொத்தமா எடுத்து வச்சாலும் செவ்வணு 35லருந்து 42 நாள்தான் தாங்கும், பிளேட்லெட் அஞ்சே நாள்.

அதனால நான் சொல்றது இதான், மே முதல் வாரத்துலருந்து வாரத்துக்கு ஒருத்தனா நாமளே பிளட் பேங்க் போய் குடுத்துட்டு வருவோம், அவர் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்க வேணாம். குடுத்த அன்னிக்கே பேரு, குரூப்பு, தேதி மூணையும் அவருக்கு ஒரு மெசேஜா போட்டுட்டா போதும், வேற ஒரு வார்த்தையும் வேணாம். அந்த பழைய கோடு போட்ட நோட்டுல ஒவ்வொரு பேருக்கும் நேரா கடைசியா குடுத்த தேதிய பென்சில்ல எழுதி வச்சிருப்பாரே, அத அழிச்சு புதுசா எழுதிக்குவாரு. அந்த நோட்டுல பாதிப் பேரு எப்ப குடுத்தோம்னே சொல்றதில்ல, அர்த்த ராத்திரில போன் பண்ணித்தான் கேட்டுத் தெரிஞ்சுக்குறாரு.

அப்புறம் அவர் போனுக்கு ஒரு வருஷ ரீசார்ஜ். நம்பர் இருந்தா போதும், யார் போட்டதுன்னு அவருக்குத் தெரியாது, திருப்பியும் குடுக்க முடியாது. ரெண்டு சிம் வச்சிருக்காரு, ரத்தத்துக்கு கூப்பிடச் சொல்லி ஒட்டுற போஸ்டர்ல இருக்குற நம்பர் எது, பிளான் எப்ப முடியுதுன்னு அவர் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன், அவளும் மூச்சு விட மாட்டா.

நீ போன மாசம்தான டாட்டூ குத்திருக்க? அதுக்கு 12 மாசம் ரத்தம் எடுக்க மாட்டாங்க. அதனால ரீசார்ஜ் உன் தலைல, ஒழுங்கா காச அனுப்பு.