சோடியத்தை உப்பு என்று எழுதாதீர்கள்

உணவு லேபிள் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

வணக்கம். ஊறுகாய், பொடி, அப்பளம் தயாரிக்கிறவர்கள் பலருக்கு லேபிள் அட்டவணை நிரப்ப உதவி வருகிறேன். நீங்கள் தமிழில் தருவதைத்தான் அவர்கள் அப்படியே பின்பற்றுகிறார்கள். அதனால் ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆங்கில ஊட்டச்சத்து அட்டவணையில் கடைசியில் சோடியம், மில்லிகிராமில் கேட்கப்படுகிறது. மக்களுக்குப் புரியட்டும் என்று நினைத்துச் சில தமிழ் மாதிரிகளில் அங்கே 'உப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், கணக்குதான் கெட்டுப்போகிறது.

10 கிலோ மாங்காய் ஊறுகாயில் 1 கிலோ உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் ஊறுகாயில் 10 கிராம் உப்பு. உப்பின் எடையில் சோடியம் ஏறக்குறைய 39 சதவீதம், மீதி குளோரைடு. ஆக 100 கிராமில் சோடியம் சுமார் 3,900 மி.கி. உங்கள் மாதிரியில் 'உப்பு' என்று பார்த்த அம்மா 10,000 என்று எழுதுவார். அது உப்புக்குச் சரியான எண். ஆனால் அதே பாக்கெட்டின் ஆங்கிலப் பக்கத்தில் சோடியம் 3,900 என்று இருக்கும். வேறு மொழியில் எழுதுவது ஆங்கிலத்திலோ இந்தியிலோ உள்ளதற்கு முரணாக இருக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டு லேபிளிங் விதி. அந்த அம்மா எந்தத் தப்பும் செய்யாமலேயே பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார்.

மாறாக, 3,900 என்ற எண்ணை அப்படியே எடுத்து 'உப்பு' என்ற வரியில் போட்டாலோ இன்னும் மோசம். ரத்த அழுத்தம் உள்ளவர் 4 கிராம்கூட இல்லையே என்று நம்பிச் சாப்பிடுவார். உண்மையில் இருப்பது 10 கிராம்.

ஒரு முறை பரிமாறும் அளவு அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்று எழுதுவதிலும் இதே குழப்பம் வரும். விதியில் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் சோடியம் 2,000 மி.கி.; அது 5 கிராம் உப்புக்குச் சமம். 10 கிராம் ஊறுகாயில் சோடியம் 390 மி.கி., அதாவது சுமார் 20 சதவீதம். உப்பின் 1,000 மி.கி.யை 2,000-ஆல் வகுத்தால் 50 சதவீதம் என்று வந்து நிற்கும்.

அப்பளத்தில் இன்னொரு சிக்கல். ஆப்பசோடா சேர்த்தால் அதிலும் சோடியம் உண்டு, ஒரு கிராமுக்குச் சுமார் 270 மி.கி. உப்பு என்ற பெயர் இருந்தால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

எனவே 'சோடியம் (மி.கி.)' என்றே எழுதுங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் '100 கிராம் பொருளில் சேர்த்த உப்பு கிராமில் × 390; ஆப்பசோடா கிராமில் × 270; இரண்டையும் கூட்டவும்' என்று ஒரு வரி சேருங்கள். பொருட்களிலேயே இயல்பாக உள்ள சோடியம் இதில் வராது. ஆய்வகச் சோதனை எண் கையில் இருந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லேபிள் வேலையில் இருக்கும் ஒருவர்