பத்மநாபபுரம் அரண்மனை: உலகப் பாரம்பரியப் பரிந்துரைக்கான குறிப்புகள் – செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதி பத்மநாபபுரம் அரண்மனை பற்றிய குறிப்புகளிலேயே போனதால், நான் அதைப் பற்றியே பேசுகிறேன்.

யுனெஸ்கோவுக்குப் பரிந்துரை ஆவணத்தை அனுப்ப இந்திய அரசால் மட்டுமே முடியும். ஊர்ச் சங்கத்தால் முடியாது. அரண்மனை 2014 முதல் நாட்டின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. ஆவணம் எழுதுவோருக்கு உதவும் குறிப்புகளைத் தருவதுதான் நம் வேலை.

முதல் வரைவில் "ஆசியாவின் அழகிய மர அரண்மனை" என்று எழுதியிருந்தோம். அழகு, பழமை, பெருமை எல்லாம் உள்ளூர் மேடைக்குப் போதும். ஆவணம் கேட்பது வேறு. நாட்டின் எல்லையைத் தாண்டி மனிதகுலம் முழுமைக்கும் பொருள்படும் தனிச்சிறப்பு அங்கே இருக்க வேண்டும். பத்து அளவுகோல்களில் ஒன்றையாவது அது நிறைவு செய்ய வேண்டும். இதை நிரூபிக்கும் இடம் ஒப்பீட்டாய்வுதான். நம்மவர்கள் கேரளத்தின் கிருஷ்ணபுரம், மட்டாஞ்சேரி அரண்மனைகளோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஜப்பானின் ஹிமேஜி கோட்டையையும் தென்கொரியாவின் சாங்டோக்குங் அரண்மனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 'பெரியது' 'மரத்தாலானது' என்ற சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

மிஞ்சிய வாதம் சிறியது, ஆனால் உறுதியானது. பழைய தாய்க்கொட்டாரத்தைச் சுற்றி மந்திரசாலை, உப்பிரிக்கை மாளிகை, கருங்கல் நவராத்திரி மண்டபம் என்று ஓர் அரசவை எப்படி அடுக்கடுக்காக வளர்ந்தது என்பதை ஒரே வளாகத்தில் படிக்க முடிகிறது. 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதால், பிற்கால மன்னர்கள் இதை இடித்துப் புதுப்பிக்க வேண்டிய அவசியம் குறைந்தது என்று சொல்கிறோம். ஊர் தலைநகரை இழந்தது அரண்மனைக்கு ஆதாயம் என்று நான் சொன்னபோது ஒரு மூத்த உறுப்பினர் முகம் சுளித்தார். ஆனாலும் வாதம் அதுதான்.

உண்மைத்தன்மை பற்றிய பகுதியில்தான் அதிகம் சண்டை போட்டோம். வடிவம், பொருள், பயன்பாடு, மரபு நுட்பம், சூழல் போன்ற பல கோணங்களில் இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். மரக் கட்டடத்தில் பொருள் நிலையாக இருக்காது. கரையானும் மழையும் விடா. ஓடு விலகிய இடத்தில் நீர் இறங்கி, உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் அழுகல் தொடங்கும். தச்சு வேலை தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று சத்தமிடும். அழுகிய முனையை மட்டும் வெட்டி, பழைய பொருத்து முறையிலேயே புது மரத்தை இணைத்து, தேதியும் குறித்துவைத்தால் பெரும்பகுதி மரம் நிற்கும், நுட்பமும் வாழும். முழு உத்தரத்தையும் மாற்றி, பழையதுபோலத் தெரியக் கறுப்புப் பூசி, எதையும் எழுதிவைக்காமல் விட்டால் வடிவம் மட்டுமே மிஞ்சும். மதிப்பிட வருபவர் எதை நம்புவார்?

உண்மைத்தன்மை குறித்த 1994-ஆம் ஆண்டு நாரா ஆவணத்தைச் சிலர் சலுகைச் சீட்டாக நினைத்தார்கள். அந்தந்தப் பண்பாட்டின் வழியில் உண்மைத்தன்மையை அளக்கலாம் என்று அது சொல்வது சரிதான். ஆனால் அதற்கு நம்பகமான தகவல் ஆதாரம் வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து மினுக்கிய தரை என்று வழிகாட்டிகள் சொல்வதை நாமும் அப்படியே எழுதிவிட்டோம். அது சுவையான செய்தி, சான்று ஆகாது. தரையில் எது மூலப் பூச்சு, எது பிற்கால ஒட்டு என்று வரைபடத்தில் பிரித்துக் காட்டி, ஆய்வக முடிவோடு வைக்க வேண்டும் என்று குறிப்பைத் திருத்தியிருக்கிறோம்.

வாழும் மரபுக்கு நம்மிடம் வலுவான சான்று இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு உப்பிரிக்கை மாளிகையில் உடைவாள் கைமாற, சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலம் இங்கிருந்தே புறப்படுகிறது. அரண்மனையை அருங்காட்சியகம் என்று மட்டும் எழுதினால் இது விடுபட்டுப்போகும்.

எல்லை விவகாரம் தீரவில்லை. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. சுற்றியுள்ள ஊரோ தமிழக நிர்வாகத்தில். காப்பு வளையத்தைக் கோட்டைச் சுவர் வரை கொண்டுபோனால் உள்ளே குடியிருப்போரின் கட்டட அனுமதிக்குக் கட்டுப்பாடு வரும். அவர்களைக் கேட்காமல் கோடு போடக் கூடாது என்று தீர்மானித்து, தெருவாரியாகப் பேசத் தொடங்கியிருக்கிறோம். மேல மதில் ஓரத்து வீடுகள் பாக்கி.

கோட்டைத் தெருக்களின் பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். பின்பக்கத்தில் ஆண்டு எழுதியிருந்தால் அதை அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்