தற்கொலைச் செய்தி எழுதும் மேசைக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இந்த நகரத்து நாளிதழ் ஒன்றில் 26 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்து, நகரப் பக்கங்களுக்கும் மாவட்டப் பக்கங்களுக்கும் செய்தி திருத்தியவன் நான். அந்த ஆண்டுகளில் என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போன தற்கொலைச் செய்திகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை இன்று படித்தால் நான் அப்படி அனுப்பியிருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது. அந்தப் பொறுப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தச் செய்திகள் மேசைக்கு வந்து சேரும் விதம் உங்களுக்குத் தெரியும். மாலையில் குற்றச் செய்தியாளர் காவல் நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசுவார். இப்போது அந்த வேலையில் பாதியை வாட்ஸ்அப் குழு செய்துவிடுகிறது. பெயர், வயது, தெரு, இறந்த முறை, காரணம் என்று ஐந்து விவரங்கள் வரும். இரவுப் பதிப்புக்கு நேரமாகிவிட்டதால் அந்த ஐந்தையும் அப்படியே கோத்து நான்கு பத்தியாக்கிவிடுவோம். இவற்றில் மரணத்தன்றே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது காரணம்தான். ஆனாலும் அதுவே தலைப்பில் ஏறும்.

காரணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சந்தேக மரணம் என்று காவல் நிலையம் வழக்குப் பதிவு செய்கிறது. முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 194. வீட்டில் ஒருவர் இறந்து சில மணி நேரமே ஆன நிலையில், அழுதுகொண்டிருக்கும் அண்ணனோ மாமாவோ புகாரில் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். உடற்கூறாய்வு முடிந்து உடலைச் சீக்கிரம் பெற வேண்டும், யார் மீதும் பழி விழக் கூடாது, வீட்டு விவகாரம் தெருவுக்கு வரக் கூடாது என்ற கவலைகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு வரியை உருவாக்குகின்றன. "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்" என்ற வாக்கியம் தமிழ்ச் செய்திகளில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் வயிற்று வலியால் இறந்தார்கள் என்று நம்மில் எவரும் நம்பியதில்லை. நம்பாமலேயே அச்சிட்டோம். 'கடன் தொல்லை', 'காதல் தோல்வி', 'கணவன் திட்டியதால்' என்பவையும் அதே வழியில் வந்தவையே.

ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு சொன்னால் விளங்கும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள், வடசென்னையில் ஒரு மாணவர் இறந்தார். என் மேசைக்கு வந்த பிரதியில் "இரண்டு பாடங்களில் தோல்வி: மாணவர் விபரீத முடிவு" என்று தலைப்பு இருந்தது. முதல் பத்தியில் பெயர், பள்ளி, தெரு, தந்தையின் தொழில். இரண்டாம் பத்தியில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் எது, எந்தப் பொருளைப் பயன்படுத்தினார் என்பது. மூன்றாவதில் "அம்மா, என்னை மன்னித்துவிடு" என்று தொடங்கும் "உருக்கமான கடிதம்" முழுமையாக. நான்காவதில் அக்கம்பக்கத்தாரின் கதறல். பள்ளிச் சீருடையில் ஒரு படம். நான் அதில் ஒரு சந்திப் பிழையைத் திருத்தி, வரிகள் இடத்துக்குள் அடங்குமாறு சுருக்கி அனுப்பினேன். மறுநாள் பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சுவரொட்டியிலும் அதே தலைப்பு இருந்தது. சீருடையணிந்த பிள்ளைகள் அதைப் படித்தபடி பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் எவரேனும் அதே இரண்டு பாடங்களில் தேறாதவராக இருந்திருந்தால், அந்தத் தலைப்பு அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? தேர்வில் தோற்றால் அடுத்து நடப்பது இதுதான் என்று சொல்லியிருக்கும். இரண்டாம் பத்தி அதற்கான வழியையும் காட்டியிருக்கும். இறந்த பிறகு எல்லோரும் அழுவார்கள், எழுதி வைத்ததை ஊரே படிக்கும் என்று கடிதமும் படமும் சொல்லியிருக்கும். ஏற்கெனவே நொந்திருக்கும் ஒருவர் இறந்தவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க, அவருடைய வயது, சூழல், பிரச்சினை ஆகியவற்றின் ஒற்றுமையே போதும். ஒற்றைக் காரணமும் முறையின் விவரமும் ஒரே செய்தியில் சேரும்போது ஆபத்து மிகுவது இதனால்தான்.

இது வெறும் அச்சமில்லை. வியன்னா நகரச் சுரங்க ரயிலில் 1980களில் தற்கொலைகள் அதிகரித்தன. நாளிதழ்களும் அவற்றைப் பரபரப்பாக வெளியிட்டு வந்தன. 1987ஆம் ஆண்டு நடுவில் ஆஸ்திரிய நாட்டுத் தற்கொலைத் தடுப்பு வல்லுநர்கள் ஆசிரியர்களிடம் பேசி வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள். நாளிதழ்கள் இச்செய்திகளைச் சிறிதாக்கின, சிலவற்றை வெளியிடாமலும் விட்டன. அடுத்த அரையாண்டிலேயே சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, புகழ்பெற்றவர்களின் தற்கொலை பெரிதாகச் செய்தியானதைத் தொடர்ந்த காலத்தில் தற்கொலை இறப்புகள் 13 விழுக்காடு கூடியதாகவும், முறையும் சொல்லப்பட்ட இடங்களில் அதே முறையிலான இறப்புகள் 30 விழுக்காடு கூடியதாகவும் காட்டியது.

நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. 2016 ஜூன் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஒன்பது நாளிதழ்களில் வந்த 1,681 தற்கொலைச் செய்திகளை ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தார்கள். அவற்றில் 43 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முறையை விவரித்திருந்தன. உதவிக்கு எங்கே அழைக்கலாம் என்று சொன்னவை 2.5 விழுக்காடு. இதையடுத்து 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகை மன்றம் வழிகாட்டுதல்களை ஏற்றது. முறையை வெளிப்படையாக விவரிக்கக் கூடாது, நிகழ்ந்த இடத்தின் விவரம் தரக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, படங்களையும் காணொளிகளையும் பயன்படுத்தக் கூடாது, முக்கிய இடத்தில் வெளியிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. புதிய விதி எதையும் நான் கேட்கவில்லை. இந்த வரிகள் இரவு பத்து மணிக்குப் பக்கம் கட்டுகிறவரின் கண் முன்னால் இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

அந்த மாணவரின் செய்தி இன்று என் மேசைக்கு வந்தால், இதை வெளியிடத்தான் வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குவேன். வெளியிட வேண்டியிருந்தால் "பிளஸ் டூ மாணவர் மரணம்: காவல் துறை விசாரணை" என்று உள்பக்கத்தில் சிறிய தலைப்பு வைத்து இப்படி எழுதுவேன்:

"வடசென்னையைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் வெள்ளிக்கிழமை உயிரிழந்தார். இது தற்கொலையாக இருக்கலாம் என்று காவல் துறையினர் கருதுகின்றனர். சந்தேக மரணம் என வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உள்ளவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் 14416 (டெலி-மானஸ்), 104 (தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்), 044-24640050 (சினேகா) ஆகிய எண்களில் பேசலாம்."

அவ்வளவுதான். துணைத் தேர்வு பற்றிய தகவலையும் இதிலேயே சேர்த்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் இறப்புச் செய்திக்குள் அதைச் சேர்த்தால், நீக்கிய காரணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். தேர்வு முடிவுப் பக்கத்தில், முதலிடம் பெற்றவர்களின் படங்களுக்குப் பக்கத்திலேயே, தேறாதவர் அடுத்து எப்போது எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக ஒரு கட்டம் போடுங்கள். ஒருமுறை தேறாமல் மறுமுறை எழுதி மேலே வந்தவரின் பேட்டியை அன்றே வெளியிடுங்கள். நெருக்கடியிலிருந்து மீண்டவர்களின் அனுபவத்தைப் படிப்பது தற்கொலை எண்ணத்தைத் தணிக்கக்கூடும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்களில் சிலர் எழுப்பும் ஆட்சேபத்தை நானும் மதிக்கிறேன். தேர்வு முறையும் கந்துவட்டியும் கடன் செயலிகளும் சாதிக் கொடுமையும் மனிதரை நெருக்குகின்றனவே, அதை எழுதாமல் மறைப்பதா என்று கேட்கிறீர்கள். மறைக்க வேண்டாம். தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்குப் பதிவாகியிருந்தால், யார் மீது என்ன குற்றச்சாட்டு என்பதைக் குற்றச்சாட்டாகவே எழுதுங்கள். கடன் செயலியின் மிரட்டலைப் பற்றி, பாதிக்கப்பட்டு உயிரோடிருக்கும் இருபது பேரிடம் பேசி, வட்டிக் கணக்கோடு தனிக் கட்டுரை எழுதுங்கள். நான்கு பத்திச் செய்தியைவிட அது ஆட்சியாளரை அதிகம் உறுத்தும். ஒரு மரணத்தின் மீது அந்தச் சுமை முழுவதையும் ஏற்றி 'இதனால்தான் இறந்தார்' என்று எழுதும்போதுதான் பிழை நேர்கிறது. நோய், நெடுநாள் மனச்சோர்வு, மது, உறவில் விரிசல், பண நெருக்கடி, கையெட்டும் தூரத்தில் உதவி இல்லாமை எனப் பலவும் ஒருவருக்குள் சேர்ந்திருக்கும். கடைசியாக நடந்தது மட்டுமே வெளியே தெரியும்.

சொற்களைப் பற்றி ஒன்று மட்டும். 'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது என்று அதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. செய்தியின் உடலில் அந்தச் சொல் வருவதில் எனக்கு மறுப்பில்லை. பூசி மெழுகினால் வாசகர் ஊகிக்கத் தொடங்குவார். 'விபரீத முடிவு', 'சோக முடிவு' என்பவையே என்னை அதிகம் உறுத்துகின்றன, ஏனெனில் அவை இறப்பை ஒரு முடிவாக, தீர்வாகக் காட்டுகின்றன. உயிர் பிழைத்தவரைப் பற்றி 'முயற்சி தோல்வி' என்று எழுதுவதை உடனே நிறுத்துங்கள்.

அந்தச் செய்தி வெளியாகி எட்டாம் நாள் மாணவரின் தாய் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செய்தி வந்த பக்கத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். "அந்தக் கடுதாசி எனக்கு எழுதினது சார். நானே இன்னும் முழுசாப் படிக்கல" என்றார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் பள்ளியில் அந்த வரிகளை ஒப்பித்துக் காட்டுகிறார்கள், இணையத்திலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். யாரிடம் அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கினோம். அச்சான தாளை ஒன்றும் செய்ய முடியவில்லை. இணையப் பிரதி ஐந்து வாரம் கழித்தே நீங்கியது, அதற்குள் பிற தளங்கள் அதை எடுத்தாண்டிருந்தன.

ஆகவே உங்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தகைய கோரிக்கையைப் பெறுவதற்கென்று ஒருவரை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணை ஒவ்வொரு நாளும் ஆசிரியர் குழு விவரத்துக்குக் கீழே வெளியிட வேண்டும் என்றும், இப்போது இணையத்தில் இருக்கும் பழைய செய்திகளிலிருந்து முறை, கடிதம், படம் ஆகியவற்றை வரும் பிளஸ் டூ தேர்வு முடிவு நாளுக்கு முன்பாக நீக்கித்தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை ஆசிரியர் ஒருவர்,
சென்னை