கூட்டத்தைப் பதிவு செய்யவும் படவில்லைகளைப் பகிரவும் அனுமதி வேண்டி ஒரு திறந்த மடல்

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும், பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரனும் பங்குதாரருமான ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

பூப்பருவ மருந்தடிப்புக் கூட்டத்தின் தொடக்கத்தில் நான் எழுந்து நின்று பதிவுக்கு அனுமதி கேட்டதும், "வெளியாட்கள் இணைப்பில் இருக்கிறார்கள், பதிவு வேண்டாம்" என்று மறுக்கப்பட்டதும், முடிந்த பிறகு படவில்லைகளைக் கேட்டபோது அவை வெளியே தருவதற்கல்ல என்று சொல்லப்பட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு என் தோப்பில் நடந்தது தங்களுக்குத் தெரியாது என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் தோப்பு ஒருவர் பெயரிலும் அந்தப் பருவத்து வேலை குத்தகைக்காரர் கையிலும் இருப்பது புதிய செய்தி அல்ல. பங்குப் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. மருந்து கலக்குபவரோ பங்குதாரர் அல்லாத என் குத்தகைக்காரர். தாங்கள் "வெளியாட்கள்" என்றது அவரைப் போன்றவர்களைத்தான். அவர் அன்று கைப்பேசி வழியாக ஜூமில் சேர்ந்தார். தத்துப்பூச்சிக்கான படவில்லையில் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி என்று இருந்தது. கைப்பேசித் திரையில் அந்த எழுத்து எறும்பு அளவுதான். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. அவர் மீண்டும் உள்ளே வருவதற்குள், பூ முழுதாக விரிந்த பிறகு இதை அடிக்கவே கூடாது, தேனீக்கள் செத்துவிடும் என்று வல்லுநர் வாயால் சொன்னது போய்விட்டது. அந்த எச்சரிக்கை எந்தப் படவில்லையிலும் இல்லை.

அவர் குறித்துக்கொண்டது "லிட்டருக்கு 3 மில்லி". 200 லிட்டர் டிரம்முக்கு 60 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 600 மில்லி ஊற்றினார். அன்று மாலை தோப்புக்குப் போனபோது, ஒரு புட்டி போதுமான டிரம்மின் அருகில் 100 மில்லி புட்டிகள் ஆறு காலியாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் காலையில் விரிந்த பூங்கொத்துகளுக்கு அடியில் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. "நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன் அண்ணா" என்று அவர் கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை, ஓர் ஒலியும் இல்லை.

உச்ச நீதிமன்றமே 2022 செப்டம்பர் முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை நேரலையில் காட்டுகிறது. பெங்களூரா மாமரத்துக்கு எத்தனை மில்லி என்பது அதைவிடப் பெரிய இரகசியம் என்று குழு கருதினால் நான் என்ன சொல்ல! இந்த வரி சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள்க.

தங்கள் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தின் பிற்பகுதியில் கூழ் ஆலைகளுடன் பேசும் விலையும் உறுப்பினர்களின் கடன் பாக்கியும் வருகின்றன. அவை வெளியே போகக் கூடாது என்பதே என் கருத்தும். ஆகவே நான் கேட்பது முழுக் கூட்டத்தின் பதிவு அல்ல, வல்லுநர் பேசும் பகுதி மட்டுமே. ஜூமை நடத்தும் அலுவலகக் கணினியிலேயே பதிவை வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணக் கணக்கு தேவையில்லை. ஒலி மட்டும் தனிக் கோப்பாகவும் கிடைக்கிறது. தொடங்கும்போது "பதிவாகிறது" என்று அறிவித்துவிட்டு, வல்லுநர் முடித்ததும் நிறுத்திவிடலாம். தன் குரல் பதிவாவதை விரும்பாத உறுப்பினர் நிறுத்திய பிறகு கேள்வி கேட்கட்டும். படவில்லைகளில் உறுப்பினர் கணக்கு உள்ள பக்கங்களை நீக்கிவிட்டு, மற்றவற்றை எளிதில் திருத்த முடியாத பி.டி.எஃப். கோப்பாகத் தந்தால் போதும். வாட்ஸ்அப்பில் பலர் கைக்குப் பரவியதைத் திரும்பப் பெற முடியாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் போகக் கூடாத பக்கங்களை முதலிலேயே எடுத்துவிடச் சொல்கிறேன்.

படவில்லைகள் வல்லுநர் உருவாக்கியவை, அவர் இசைவின்றித் தர இயலாது என்ற மறுமொழியும் வரலாம். நான் அவரிடம் நேரில் கேட்டேன். நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வேண்டுகோள் வந்தால் தமக்குத் தடையில்லை என்றார். ஆக, நடுவில் நிற்பது அலுவலகத்திலிருந்து போகாத ஒரு கடிதம் மட்டுமே.

அடுத்த கூட்டம் பழ ஈப் பொறி பற்றியது. ஏக்கருக்கு எத்தனை பொறி, எந்த உயரத்தில் கட்டுவது, எத்தனை நாளில் கவர்ச்சிக் கட்டையை மாற்றுவது என்று மீண்டும் எண்களே வரப்போகின்றன. அவற்றைக் கேட்டுச் செய்யப் போகிறவர்களும் அதே குத்தகைக்காரர்கள்தான். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக வல்லுநருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பி, அவர் உரையைப் பதிவு செய்யவும், பதிவையும் படவில்லைகளையும் இணைப்பில் வரும் வெளியாட்களுக்கு அனுப்பவும் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால், காரணத்தை எழுத்தில் தந்தால் என் குத்தகைக்காரரிடம் காட்டுவதற்கு அதுவாவது இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பங்குதாரர்களில் ஒருவன்