பொருள்: இரண்டு வேலை நாள் என்று எழுதிப் பதினொரு நாள் கழித்துச் சேர்த்த பார்சல்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். இது ஆறாவது மின்னஞ்சல்.

மலேசியாவில் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் என் தம்பி மகன் ஜனவரி 23, வெள்ளிக்கிழமை புதுமனை புகுந்தான். அதற்காகக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, கண்டாங்கிச் சேலை இரண்டு, ஆச்சி கைப்படச் சுட்ட சீடை, மாவுருண்டை எல்லாம் உங்களிடம் கொடுத்தேன். 14ஆம் தேதி, போகியன்று, “சுங்கத்துக்கு விலைப்பட்டியல் வேண்டும், அனுப்பினால் இரண்டு வேலை நாளில் பார்சல் சேரும்” என்று மின்னஞ்சல் வந்தது. அன்று மத்தியானமே அனுப்பிவிட்டேன். “சனிக்கிழமை காரைக்குடி ஆபீஸ் உண்டா?” என்று போனில் கேட்டதற்கு உண்டு என்றார்கள். உழவர் திருநாள் அன்று பஸ் பிடித்துப் போனால் பூட்டு தொங்குகிறது. இந்த வயதில் வெயிலில் ஒரு மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

அதைவிட உங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் பேசியதுதான் இன்னும் உறுத்துகிறது. “எந்த ஊர் வேலை நாள்னு நீங்கதான சார் கேட்டிருக்கணும்?” நானா கேட்க வேண்டும்? கார்கோ நடத்துவது நானா?

சரி, நானே கணக்குப் போட்டேன். உங்கள் கோலாலம்பூர் ஆபீஸில் சனி, ஞாயிறு லீவு. அதன்படி இரண்டு வேலை நாள் என்றால் 16 வெள்ளி. கெடாவில் வெள்ளி, சனி லீவு, ஞாயிறு ஆபீஸ் உண்டு. அதன்படி 18 ஞாயிறு. சென்னையில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள், அப்புறம் ஞாயிறு. அதன்படி 20 செவ்வாய். ஒரே வாக்கியத்துக்கு மூன்று தேதி!

நடந்தது இன்னும் அழகு. சென்னை ஆபீஸ் தன் இரண்டு நாளை எடுத்துக்கொண்டு 20 மாலைதான் பட்டியலைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. அவர்கள் தங்கள் இரண்டு நாளை எடுத்துக்கொண்டு 22 மாலை பார்சலைக் கெடா கிளைக்குத் தள்ளினார்கள். அங்கே மறுநாள் வெள்ளி, அதற்கடுத்து சனி. வீடு தேடி வந்தது 25 ஞாயிறு. மூன்று ஆபீஸும் சொன்ன சொல் தவறவில்லை, விளக்கில்லாமல் பால் காய்ச்சியது மட்டும் எங்கள் வீடு. சம்பந்தி வீட்டார் முன்னால் பட்ட அவமானம் ஆயுசுக்கும் போகாது. சீடையும் நமுத்துப் போயிற்று.

மலேசியாவில் கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களுக்கு வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஜொகூர் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இதெல்லாம் எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாதா?

இனி “வேலை நாள்” என்று எழுதாதீர்கள். “ஜனவரி 18, ஞாயிறு, சுங்கை பட்டாணி நேரம் மாலை 5 மணிக்குள், இந்திய நேரம் 2.30” என்று கிழமையோடும் ஊரோடும் எழுதுங்கள், தயவுசெய்து. இடையில் எந்த ஆபீஸ் எப்போது மூடியிருக்கும் என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லுங்கள்.

கட்டிய கட்டணம் முழுவதும், காரைக்குடி பஸ் செலவும் திரும்ப வேண்டும். அந்தப் பையன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும், போதும். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் சிவகங்கை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். பதினைந்து நாள் என்றால் நாட்காட்டி நாள். ஞாயிறும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்
கானாடுகாத்தான்