எழுத்தர் பார்த்த பதிப்பெண்ணையே சரிபாருங்கள்: கோரிக்கைப் பரிசீலனை மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நிலுவைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவொன்றின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இந்தப் பொறுப்புக்கு வருமுன் சில ஆண்டுகள் நிரல் எழுதியவன் என்பதால், ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் அறியாமலே அழித்துவிடும் குறையைப் பற்றி உங்களுக்கு நேரடியாகவே எழுதுகிறேன். கோரிக்கை அட்டவணையில் `version` என்ற பதிப்பெண் நெடுவரிசையைச் சேர்த்துவிட்டதால் அந்தக் குறை தீர்ந்தது என்று உங்கள் அறிவிப்பு சொன்னது. அதற்குப் பிறகும் அது நிகழ்ந்தது.

அன்று காலை 10:40 மணிக்கு முதல் எழுத்தர் 4172 ஆம் எண் கோரிக்கையைத் திறந்தார். தொகை 18,000, நிலை நிலுவை, பதிப்பெண் 7. இரண்டு நிமிடம் கழித்து இரண்டாம் எழுத்தரும் அதே கோரிக்கையைத் திறந்தார். அவர் திரையிலும் அதே விவரங்கள்தாம். இணைப்புகளைப் புரட்டிய இரண்டாமவர், 6,000 தொகைக்கான ரசீது ஒன்று இருமுறை கூட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து, தொகையை 12,000 எனத் திருத்தி 10:46 மணிக்குச் சேமித்தார். கோரிக்கை நிலுவையிலேயே இருந்தது. பதிப்பெண் 8 ஆனது. முதல் எழுத்தரின் திரை இதை எப்படி அறியும்? அவர் 10:51 மணிக்கு ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தினார். படிவம் தன்னிடமிருந்த எல்லா விவரங்களையும் சேர்த்தே அனுப்பியதால், கோரிக்கை 18,000 தொகைக்கே ஒப்புதல் பெற்றது. இருவருக்கும் எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை.

பதிப்பெண் இருந்தும் இது ஏன் நடந்தது என்று உங்கள் நிரலைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தேன். சேமிக்கும் கட்டளை வந்ததும் சேவையகம் அந்தப் பதிவைத் தரவுத்தளத்திலிருந்து புதிதாகப் படிக்கிறது; அப்போது கிடைக்கும் பதிப்பெண் 8. பிறகு ‘பதிப்பெண் 8 ஆக இருந்தால் மாற்று’ என்று அதையே நிபந்தனையாக வைக்கிறது. அது 8 ஆகத்தான் இருக்கும்; சற்று முன்புதானே படித்தது! இந்தச் சோதனை காப்பது, சேவையகம் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலான சில மில்லி விநாடிகளை மட்டுமே. எழுத்தர் திரையைத் திறந்ததற்கும் பொத்தானை அழுத்தியதற்கும் இடைப்பட்ட 11 நிமிடங்கள் காவலின்றிக் கிடக்கின்றன, தவறு நிகழ்ந்ததும் அந்த 11 நிமிடங்களில்தான்.

ஆகவே சோதிக்கப்படும் எண், எழுத்தர் பார்த்த திரையோடு போய்த் திரும்பி வந்த எண்ணாக இருக்க வேண்டும். கோரிக்கையைத் திறக்கும்போது பதிப்பெண்ணையும் படிவத்தில் மறைபுலமாக வைத்து அனுப்புங்கள். சேமிக்கும்போது அதையே திரும்பப் பெற்று நிபந்தனையில் வையுங்கள். முதல் எழுத்தரின் ஒப்புதல் இப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்:

```sql
UPDATE requests
SET status = 'approved', version = version + 1
WHERE id = 4172 AND version = 7;
```

பதிவு அப்போது 8 இல் இருப்பதால் இக்கட்டளை எந்த வரிசையையும் மாற்றாது. தரவுத்தளத்தின் பார்வையில் இது பிழையே அன்று. பூஜ்யம் வரிசைகள் மாறின என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனவே மாறிய வரிசைகளின் எண்ணிக்கையை நிரல் கட்டாயம் பார்த்தாக வேண்டும்: ஒன்று என்றால் சேமிப்பு நிறைவேறியது, பூஜ்யம் என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார். இருவரும் ஒரே கணத்தில் அழுத்தினாலும் அஞ்ச வேண்டியதில்லை. நாம் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ், அதன் இயல்பான `READ COMMITTED` நிலையில், முதல் பரிவர்த்தனை முடியும்வரை இரண்டாவதைக் காக்கவைத்து, பிறகு `WHERE` நிபந்தனையைப் புதிய மதிப்போடு மீண்டும் சோதிக்கும். இரண்டாமவருக்குப் பூஜ்யமே கிடைக்கும்.

நீங்கள் ஹைபர்னேட் பயன்படுத்துவதால் ஒரு எச்சரிக்கை. பதிவைப் படித்து எடுத்த பொருளின் `@Version` புலத்தில் படிவத்தின் எண்ணை எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். ஹைபர்னேட் அதைப் பொருட்படுத்தாது; தான் படித்தபோது இருந்த எண்ணைக் கொண்டே ஒப்பிடும். ஆகவே படித்தவுடன் இரண்டு எண்களையும் நீங்களே ஒப்பிட்டு, வேறுபட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சிய சிறு இடைவெளியை `@Version` பார்த்துக்கொள்ளும்.

பதிப்பெண் வேண்டாம், `status = 'pending'` என்ற நிபந்தனையே போதும் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். ஒருவர் ஒப்புதல் தர, மற்றவர் நிராகரிக்கும் மோதலை அது தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் 4172 இல் தொகை திருத்தப்பட்ட பிறகும் நிலை நிலுவையாகவே இருந்ததால், அந்த நிபந்தனை ஒப்புதலைத் தடையின்றி அனுமதித்திருக்கும். படிவம் தொகையை அனுப்பாமல் நிலையை மட்டும் அனுப்பியிருந்தாலும், தாம் பார்த்தே இராத ஒரு தொகைக்கு எழுத்தர் ஒப்புதல் அளித்ததாக ஆகியிருக்கும். என் கண்ணுக்கு அதுவும் தவறுதான்.

இதே காரணத்தால் இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். அவை தனி அட்டவணையில் இருக்கின்றன. புதிய ஆவணம் ஒன்று சேர்க்கப்படும்போது கோரிக்கையின் பதிப்பெண் இன்று மாறுவதில்லை. முடிவைப் பாதிக்கக்கூடிய எந்த மாற்றமும், எந்த அட்டவணையில் நடந்தாலும், அதே பரிவர்த்தனையில் கோரிக்கையின் எண்ணையும் கூட்டட்டும். இரவில் ஓடும் தொகுப்பு நிரலுக்கும் இது பொருந்தும்.

மோதல் தெரிந்தபின் செய்ய வேண்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய எண்ணைப் படித்து நிரலே மறுமுயற்சி செய்யும் வழியை வைக்காதீர்கள். அது பழைய தவறையே சற்றுத் தாமதமாகச் செய்வது. சேவையகம் 409 என்ற பதிலை அனுப்பட்டும். திரை ‘பிழை ஏற்பட்டது’ என்று மொட்டையாகச் சொல்லாமல், யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டட்டும்: தொகை 18,000 இலிருந்து 12,000 ஆக 10:46 மணிக்கு மாற்றப்பட்டது என்பதைப் பார்த்தால் எழுத்தர் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். அவர் தட்டச்சு செய்த குறிப்பு மட்டும் அழிந்துவிடக் கூடாது. விண்ணப்பதாரருக்குச் செல்லும் குறுஞ்செய்தியோ, வரிசை எண்ணிக்கை ஒன்று என உறுதியாகிப் பரிவர்த்தனையும் நிறைவேறிய பிறகே புறப்பட வேண்டும்.

கோரிக்கையைத் திறந்தவுடன் பூட்டிவிடலாமே என்று கேட்கும் சக ஊழியர்களும் உண்டு. திறந்து வைத்துவிட்டு உணவு இடைவேளைக்குப் போனவரின் பூட்டை யார் திறப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. ஆயினும் காலையில் எல்லோரும் பட்டியலின் முதல் கோரிக்கையையே திறக்கும் எங்கள் வழக்கத்தில் மோதல்கள் அடிக்கடி வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு பொத்தான் உதவும். அந்தப் பொத்தானும் பதிப்பெண்ணைச் சோதித்தே எழுத வேண்டும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரு சோதனையை எங்கள் முன்னிலையில் செய்து காட்டக் கோருகிறேன். இரண்டு கணினிகளில், இரண்டு பயனர் கணக்குகளில் ஒரே கோரிக்கையைத் திறந்து, ஒன்றில் தொகையைத் திருத்திச் சேமித்து, மற்றதைப் புதுப்பிக்காமலே 10 நிமிடம் கழித்து ஒப்புதல் அழுத்துங்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டு, திருத்தம் திரையில் காட்டப்பட்டு, வரலாற்று அட்டவணையில் ஒப்புதலுக்கான பதிவு ஏதும் சேராமல் இருந்தால், வெளியீட்டுப் படிவத்தில் நான் கையொப்பமிடுகிறேன்.

இப்படிக்கு,
கோரிக்கைப் பரிசீலனைப் பிரிவு மேற்பார்வையாளர்